பூஜ்யம் நடுக்கடலில், மனை எழும்பூரில்

சர்வேயர் அனுப்பிய கோப்பை ஆட்டோகேடில் திறந்ததும் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிகிறது. மனையின் எல்லைக்கோடு, பக்கத்து வீட்டுச் சுவர், தெருவோர மின்கம்பம் என்று எதிலும் குறையில்லை. அதன் மேல் வீட்டை வரைய ஆரம்பித்த பிறகுதான் கோளாறு தலைகாட்டும். கோட்டின் முனையைப் பிடிக்கக் கர்சரைக் கொண்டுபோனால் ஸ்னாப் குறி முனையில் உட்காராமல் சற்றுத் தள்ளி மின்னும். கொஞ்சம் ஜூம் செய்தால் வேறு பக்கம் தாவும். நான்கு பக்கமும் சரியாக மூடிய அறைக்குள் ஹேட்ச் போட்டால், எல்லை மூடவில்லை என்று மென்பொருள் மறுக்கும். முப்பரிமாணத்தில் சுழற்றினால் கோடுகள் துடிக்கும்.

இப்படி ஆகும்போது பெரும்பாலானோர் முதலில் சந்தேகப்படுவது கிராஃபிக்ஸ் கார்டை. டிரைவரைப் புதுப்பித்து, மென்பொருளை அழித்து மறுபடி நிறுவிப் பார்ப்பார்கள். ஆனால் அதே கணினியில் வேறொரு வரைபடம் எந்தத் தொந்தரவும் தராமல் ஓடும். இந்த ஒரு கோப்பு மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிறது என்பதற்கான விடையைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு கட்டளை போதும். `ID` என்று தட்டி, மனையின் மூலையைச் சொடுக்கினால் அந்தப் புள்ளியின் ஆயத்தொலைவுகள் திரையில் வரும். எழும்பூரில் ஒரு மனை என்று வைத்துக்கொண்டால், இப்படி ஏதாவது தெரியும்:

```
X = 419876.300   Y = 1445912.450   Z = 0.000
```

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன? டி.ஜி.பி.எஸ். கருவியோடு செய்யும் சர்வேயில் புள்ளிகளை வழக்கமாக யு.டி.எம். என்ற உலகளாவிய கட்ட முறையில் தருவார்கள். இந்த முறை பூமியை ஆறு ஆறு பாகையாக 60 மண்டலங்களாகப் பிரிக்கிறது. சென்னை, திருச்சி, மதுரை எல்லாம் 44-ஆவது மண்டலத்தில் விழுகின்றன; கோவையும் திருநெல்வேலியும் 43-இல். 44-ஆவது மண்டலத்தின் நடுக்கோடு கிழக்குத் தீர்க்கரேகை 81 பாகை. கிழக்கு அளவில் எங்கும் மைனஸ் எண் வராமலிருக்க அந்த நடுக்கோட்டுக்கு 5,00,000 மீட்டர் என்று மதிப்புக் கொடுத்திருக்கிறார்கள். வடக்கு அளவு நிலநடுக்கோட்டிலிருந்து தொடங்குகிறது.

அப்படியானால் இந்த வரைபடத்தின் பூஜ்யப்புள்ளி நிலநடுக்கோட்டின் மேல், 81 பாகைக்கு 500 கிலோமீட்டர் மேற்கே இருக்கிறது. அந்த இடம் இந்தியப் பெருங்கடலில், மாலத்தீவுக்குக் கிழக்கே வரும். எழும்பூரிலிருந்து சுமார் 1,500 கிலோமீட்டர். 60 அடி மனையில் செங்கல் செங்கலாக வரையும் ஒவ்வொரு கோட்டையும் மென்பொருள் அந்தக் கடற்புள்ளியிலிருந்து அளந்துகொண்டிருக்கிறது.

தூரம் அதிகமானால் கணினிக்கு என்ன கஷ்டம்? அது எண்ணைச் சேமித்து வைக்கும் விதத்தில்தான் சிக்கல். தசம எண்களைக் கணினிகள் எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கு 1985-இல் ஐ.ட்ரிபிள்.ஈ. 754 என்ற தரம் வந்தது. அதை வடிவமைப்பதில் முன்னின்ற வில்லியம் கஹான் 1989-இல் டூரிங் விருது பெற்றார். அந்தத் தரத்தில் 32 பிட் எண், 64 பிட் எண் என்று முக்கியமான இரண்டு வகைகள் உண்டு. 32 பிட் எண் ஏறத்தாழ 7 இலக்கங்களை நம்பகமாக வைத்துக்கொள்ளும்; 64 பிட் எண் 15 இலக்கங்களுக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளும். புள்ளி எங்கே விழுந்தாலும் மொத்த இலக்கங்கள் அவ்வளவுதான். எண்ணின் முன்பகுதி பெரிதாகப் பெரிதாக, புள்ளிக்குப் பின்னால் மிஞ்சும் இடம் சுருங்கிக்கொண்டே போகும்.

14,45,912.450 என்ற வடக்கு அளவை எடுத்துக்கொண்டால், புள்ளிக்கு முன்பே ஏழு இலக்கங்கள் தீர்ந்துவிடுகின்றன. இந்த அளவில் 32 பிட்டால் அடுத்தடுத்துச் சொல்ல முடிந்த எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளி 0.125 மீட்டர், அதாவது 125 மில்லிமீட்டர். அதற்கு இடைப்பட்ட எந்த எண்ணும் பக்கத்துப் படிக்கு ஒதுங்கிவிடும்.

ஒரு ஒன்பது அங்குலச் சுவரை வைத்து இதைப் பார்க்கலாம். அதன் தடிமன் 230 மில்லிமீட்டர். தெற்கு முகம் 14,45,912.450-இலும் வடக்கு முகம் 14,45,912.680-இலும் இருக்கிறது. 32 பிட்டுக்கு மாற்றினால் முதல் எண் .500-க்கு ஒதுங்கும், இரண்டாவது.625-க்கு ஒதுங்கும். 230 மில்லிமீட்டர் சுவர் 125 மில்லிமீட்டராக இளைத்துவிட்டது. நாலரை அங்குலத் தடுப்புச் சுவரின் கதி இன்னும் மோசம். அதன் முகங்கள் .445-இலும் .560-இலும் இருந்தால் இரண்டும் ஒரே .500-க்குப் போய்ச் சேரும். சுவருக்குத் தடிமனே இல்லாமல் போய்விடும். அதே சுவரை ஐந்து மில்லிமீட்டர் வடக்கே நகர்த்தினால் முகங்கள் .450, .565 ஆகி, 125 மில்லிமீட்டர் தடிமனோடு திடீரென்று திரும்பி வரும். திரையில் கோடுகள் துடிப்பதும் தாவுவதும் இந்தப் படிகளுக்கு நடுவே நடக்கும் ஒதுக்கல்தான்.

ஆட்டோகேட் தன் கோப்பில் புள்ளிகளை 64 பிட்டில்தான் வைத்திருக்கிறது. ஆகவே கோப்புக்குள் அந்தச் சுவர் 230 மில்லிமீட்டராகவே பத்திரமாக இருக்கிறது. ஆனால் திரையில் படம் தீட்டும் கிராஃபிக்ஸ் கார்டு பெரும்பாலும் 32 பிட்டில் வேலை செய்வது. புதிய பதிப்புகள் இந்த இழப்பைக் குறைக்கப் பல வழிகளைக் கையாளுகின்றன, முழுக்க ஒழிந்துவிடவில்லை. ஸ்னாப் குறி கோட்டை விட்டு விலகித் தெரிவதற்கு இதுதான் காரணம். குறியை வைக்கும் கணக்கு 64 பிட்டில் நடக்கிறது, கண்ணுக்குத் தெரியும் கோடு 32 பிட்டில் தீட்டப்படுகிறது, இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை.

64 பிட்டில் நடக்கும் கணக்கும் முழுதாகத் தப்பிப்பதில்லை. இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தையோ ஓர் அறையின் பரப்பையோ கண்டுபிடிக்கும் பாடப்புத்தகச் சூத்திரங்கள் X-ஐயும் Y-ஐயும் பெருக்கி, அப்படி வந்த இரண்டு பெருக்குத்தொகைகளை ஒன்றிலிருந்து ஒன்று கழிக்கும். வரைபடம் மில்லிமீட்டரில் இருந்தால் X சுமார் 42 கோடி, Y சுமார் 145 கோடி. பெருக்கினால் வருவது 18 இலக்க எண். 64 பிட்டில் அவ்வளவு பெரிய எண்கள் 128-க்கு ஒன்றாகத்தான் கிடைக்கும். லாரியை மோதிரத்தோடு ஒரு முறையும் மோதிரம் இல்லாமல் ஒரு முறையும் எடைமேடையில் ஏற்றி, கழித்துப் பார்த்து மோதிரத்தின் எடையைச் சொல்வது போன்ற கணக்கு இது. 100 மில்லிமீட்டர் நீளமுள்ள இரண்டு குறுங்கோடுகள் வெட்டும் இடத்தை இந்தச் சூத்திரத்தால் நேரடியாகக் கணக்கிட்டால் விடை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் விலகிப் போகலாம். கண்ணுக்கு மூடித் தெரியும் மூலை, கணக்கில் திறந்திருக்கும். ஹேட்ச் மறுப்பதும், ஃபில்லெட்டும் ட்ரிம்மும் சில இடங்களில் கைவிடுவதும் இந்த மாதிரி இடங்களில்தான்.

ஹேட்சுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. கோடு கோடாக அல்லது கட்டம் கட்டமாக நிரப்பும் வடிவம் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை `HPORIGIN` என்ற அமைப்பு சொல்கிறது. வழக்கமாக அதன் மதிப்பு 0,0. அதாவது எழும்பூர்க் குளியலறையில் பதிக்கும் டைல் கட்டத்தின் முதல் கோடு கணக்கில் மாலத்தீவுக்குக் கிழக்கே தொடங்குகிறது.

நோய் தெரிந்த பிறகு ஒரு தவறான வைத்தியத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வரைகலை அலுவலகங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "சார், யு.சி.எஸ்.ஸை மனை மூலைக்கு மாத்திட்டேன். இப்ப ஐடி போட்டா 0,0-ன்னுதான் வருது. ஆனா ஸ்னாப் இன்னும் ஆடுதே?"

"நீ மாத்துனது அளக்கிற டேப்போட ஆரம்பத்தைத்தான் தம்பி. மனை இருந்த இடத்துலயேதான் இருக்கு."

அந்த மூத்தவர் சொல்வது சரி. யு.சி.எஸ். என்பது பயனர் தன் வசதிக்கு வைத்துக்கொள்ளும் அளவுச் சட்டம் மட்டுமே. புள்ளிகள் கோப்பில் சேமிக்கப்படுவது உலக ஆயத்தொலைவில். யு.சி.எஸ்.ஸை எங்கே வைத்தாலும் உள்ளே இருக்கும் எண் 14,45,912.450-ஆகவே இருக்கும். பொருளையே நகர்த்தினால்தான் எண் சிறுக்கும்.

நகர்த்துவதற்கு முன் எவ்வளவு நகர்த்தப் போகிறோம் என்பதை முடிவு செய்ய வேண்டும். பலர் மனையின் மூலையை ஸ்னாப்பில் பிடித்து, அதை 0,0-க்கு இழுப்பார்கள். தள்ளாடும் ஸ்னாப்பை நம்பியா இந்த வேலையைச் செய்வது? தவிர, 419876.300 மாதிரியான எண்ணை நாளைக்குத் திரும்பக் கூட்டும்போது பிழை வர வாய்ப்பு அதிகம். மனைக்குப் பக்கத்தில் ஒரு முழு எண்ணைத் தேர்ந்தெடுத்து அதைக் கையால் தட்டுவதே நல்லது. இந்த மனைக்கு 419800, 1445900 பொருத்தமாக இருக்கும்.

அடுத்து, எல்லா லேயர்களையும் உருக்கி, பூட்டுகளைத் திறந்துவிட வேண்டும். `ALL` என்று தேர்ந்தெடுத்தாலும் உறைந்த லேயரிலும் பூட்டிய லேயரிலும் உள்ளவை சேராது. அவை மட்டும் எழும்பூரிலேயே நின்றுவிட்டால் பிரச்சினை இரட்டிப்பாகும். F12 தட்டி டைனமிக் இன்புட்டையும் அணைத்துவிட வேண்டும். அது இயங்கிக்கொண்டிருந்தால் இரண்டாவது புள்ளியாகத் தரும் 0,0-வை, முதல் புள்ளியிலிருந்து பூஜ்ய தூரம் என்று எடுத்துக்கொள்ளும், எதுவுமே நகராது. இவ்வளவும் முடிந்தபின் தட்ட வேண்டியது இதுதான்:

```
UCS
W
MOVE
ALL

419800,1445900
0,0
```

நடுவில் உள்ள வெற்று வரி, தேர்வு முடிந்தது என்பதற்கான என்டர். கடைசி வரியைத் தட்டியதும் வரைபடம் திரையிலிருந்து காணாமல் போகும். பயப்பட வேண்டியதில்லை, `ZOOM`, பிறகு `E` தட்டினால் வந்துவிடும். மனையின் மூலை இப்போது 76.300, 12.450. இந்த அளவில் 32 பிட் எண்ணின் படி வடக்குத் திசையில் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒன்பது அங்குலச் சுவரும் நாலரை அங்குலச் சுவரும் தத்தம் தடிமனோடு நிற்கும். லே-அவுட் பக்கங்களில் உள்ள வியூபோர்ட்டுகள் மட்டும் பழைய இடத்தையே பார்த்துக்கொண்டு காலியாகத் தெரியும். அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து, வரைபடத்தைக் கொண்டுவந்து, அளவுகோலை மறுபடி அமைக்க வேண்டும்.

சர்வே மீட்டரில் இருக்கும், கட்டட வரைபடம் மில்லிமீட்டரில் வேண்டும் என்றால் வரிசை முக்கியம். முதலில் நகர்த்த வேண்டும், பிறகுதான் `SCALE` கொடுத்து ஆயிரம் மடங்கு ஆக்க வேண்டும். வரிசையை மாற்றினால், 0,0-வை மையமாக வைத்துப் பெரிதாக்கும்போது தூரமும் ஆயிரம் மடங்காகி, நகர்த்த வேண்டிய எண்களும் ஒன்பது, பத்து இலக்கத்துக்குப் போய்விடும்.

நகர்த்தியும் குணமாகாத கோப்புகள் உண்டு. பெரும்பாலும் இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, எங்கேயோ தொலைதூரத்தில் அனாதையாகக் கிடக்கும் ஒரு பொருள். `ZOOM` `E` கொடுக்கும்போது வரைபடம் ஒரு மூலையில் புள்ளியாகச் சுருங்கிப்போனால் இதுதான் காரணம் என்று தெரிந்துகொள்ளலாம். அதைத் தேடிக்கொண்டு திரிய வேண்டாம். `ERASE` கொடுத்து `ALL` என்று எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, பிறகு `R` தட்டி, வேண்டிய பகுதியைச் சுற்றி ஜன்னல் இழுத்துத் தேர்விலிருந்து நீக்கிவிட்டு என்டர் தட்டினால், வேண்டாதது மட்டும் அழியும். முன்னதாகக் கோப்புக்கு ஒரு நகல் எடுத்துக்கொள்வது அவசியம்.

இரண்டாவது காரணம் பிளாக்குக்குள் ஒளிந்திருக்கும். யு.டி.எம். வரைபடத்திலிருந்து ஒரு மரத்தையோ கிணற்றையோ 0,0-வை அடிப்புள்ளியாக வைத்து பிளாக் ஆக்கியிருந்தால், அதன் கோடுகள் தன் அடிப்புள்ளியிலிருந்து 1,500 கிலோமீட்டர் தள்ளியே பதிவாகியிருக்கும். வெளியே எவ்வளவு நகர்த்தினாலும் உள்ளே இருக்கும் எண் மாறாது. இதைக் கண்டுபிடிப்பது எளிது: பிளாக்கைச் சொடுக்கினால் அதைப் பிடிக்கும் நீலக் கட்டம் படத்தின் அருகில் எங்குமே தெரியாது. `BEDIT`-இல் திறந்து கோடுகளை அங்கேயுள்ள 0,0-க்குப் பக்கத்தில் கொண்டுவந்து சேமித்துவிட்டு, வெளியே வந்து பிளாக்கை அதே அளவு எதிர்த்திசையில் நகர்த்தினால் சரியாகும்.

எல்லாவற்றையும் விடக் கவனமாக இருக்க வேண்டிய தருணம் கோப்பை வேறு மென்பொருளுக்கு அனுப்பும்போதுதான். பிளெண்டர் தன் மெஷ் புள்ளிகளை 32 பிட்டில்தான் சேமிக்கிறது. எழும்பூர் எண்களோடு ஒரு வரைபடத்தை அப்படியே அதற்குள் இறக்கினால் சுவர் இளைப்பது திரையில் மட்டும் நடப்பதல்ல, கோப்பிலேயே நடந்துவிடும். அதற்குப் பிறகு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாலும், ஒதுங்கிப்போன எண் பழைய இடத்துக்குத் திரும்பாது. ஆட்டோகேடில் நகர்த்திய பிறகே ஏற்றுமதி செய்ய வேண்டும் என்பது இதனால்தான்.

கணினி விளையாட்டுகளிலும் இதே தொல்லை உண்டு. கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற விண்வெளி விளையாட்டின் ஆரம்பப் பதிப்புகளில், நெடுந்தூரம் போன கலங்கள் நடுங்கித் துண்டு துண்டாகச் சிதறும். அந்தக் கோளாறுக்கு ஆட்டக்காரர்கள் ஒரு கடல்பூதத்தின் பெயரையே வைத்தார்கள். அதை உருவாக்கியவர்கள் கண்ட தீர்வு, கலத்தைப் பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, சுற்றியுள்ள உலகத்தை நகர்த்துவது. சர்வே கோப்பில் கையால் செய்வதை அந்த விளையாட்டு ஓடும்போதே செய்கிறது.

இனி மிச்சமிருப்பது, வீட்டை நிஜ எழும்பூருக்குத் திருப்பி அனுப்பும் வழி. மாநகராட்சிக்கோ சாலை வேலைக்காரர்களுக்கோ யு.டி.எம். எண்களோடுதான் வரைபடம் வேண்டியிருக்கும். அதற்காகக் கட்டடக் கோப்பைத் தொட வேண்டியதில்லை. சர்வேயரின் மூலக் கோப்பைத் தனியாக வைத்துக்கொண்டு, கட்டடத்தை அதில் எக்ஸ்ரெஃப் ஆகச் சேர்த்து, செருகும் புள்ளியாக 419800,1445900 கொடுத்தால் வீடு தன் இடத்தில் போய் உட்காரும். கட்டடம் மில்லிமீட்டரிலும் சர்வே மீட்டரிலும் இருந்தால் இரண்டு கோப்பிலும் `INSUNITS` சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சரியாக இருந்தால் மென்பொருளே ஆயிரத்தில் ஒன்றாகச் சுருக்கிக்கொள்ளும். அதன் மேல் கையாலும் 0.001 கொடுத்தால் வீடு ஒரு புள்ளியாகிவிடும்.

நகர்த்திய அளவு ஒருவரின் நினைவில் மட்டும் இருந்தால் அவர் விடுப்பில் போகும் நாளில் வேலை நிற்கும். வரைபடத்தின் குறிப்புப் பகுதியிலேயே, "உள்ளூர் 0,0 என்பது கிழக்கு 419800.000, வடக்கு 1445900.000, யு.டி.எம். மண்டலம் 44" என்று எழுதிவைக்க வேண்டும். மண்டல எண்ணை விட்டுவிட்டால் அந்த எண்கள் 43-ஆவது மண்டலத்தில் வேறொரு இடத்தைக் காட்டும்.

சரிபார்க்க இரண்டு சோதனைகள் போதும். நகர்த்துவதற்கு முன்பே சர்வேயர் பதித்த இரண்டு கட்டுப்பாட்டுக் கற்களுக்கு இடையே `DIST` போட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு, நகர்த்திய பிறகு மறுபடி போட வேண்டும். மூன்று தசமத்துக்கும் அதே எண் வர வேண்டும். அடுத்து, ஒரு கல்லின் புதிய ஆயத்தொலைவோடு 419800-ஐயும் 1445900-ஐயும் கூட்டி, சர்வேயரின் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். `DIST` ஒத்துப்போய், கூட்டல் மட்டும் ஒத்துவரவில்லை என்றால் நகர்த்தும்போது எண்ணைத் தவறாகத் தட்டியிருக்கிறார்கள். `DIST` சரியாக ஆயிரம் மடங்கு மாறியிருந்தால் அலகு மாறியிருக்கிறது. ஒரு கல் சரியாகவும் இன்னொன்று முழுத் தூரம் விலகியும் இருந்தால், ஏதோ ஒரு லேயர் இன்னும் பூட்டியே கிடக்கிறது.